எங்கிருந்து பார்ப்பது, எங்கிருந்து அளப்பது: ஒரு டிராயிங்கை வாசிக்கும் முறை

கோவையில் கணபதி, சிங்காநல்லூர் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தால், மெஷினின் மேல் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு தாள் கண்ணில் படும். எண்ணெய்க் கைகள் பட்டுப் பழுத்த தாள். அதில் இருப்பது கோடுகளும் எண்களும் சில சின்னங்களும்தான். வாக்கியமாக எதுவும் இருக்காது. ஆனாலும் அதை வரைந்தவரை ஒருநாளும் பார்த்திராத ஒருவர், அந்தத் தாளை மட்டும் நம்பி இரும்பை வெட்டுகிறார். அவர் செய்த பாகம், வேறொரு ஊரில் வேறொருவர் செய்த மோட்டாரில் போய்ப் பொருந்துகிறது.

எந்த டிராயிங்கும் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: பொருளை எந்தப் பக்கமிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள், அளவை எங்கிருந்து எடுக்க வேண்டும், அந்த இடத்திலிருந்து எவ்வளவு விலகினால் பொறுக்கலாம். மூன்றுமே ‘எங்கிருந்து’ என்ற கேள்விக்கான பதில்கள். எண்ணைச் சரியாகப் படித்துவிட்டு இந்தக் கேள்வியை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான ஜாப்கள் கெடுகின்றன. ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

பாகம் இதுதான்: மின்மோட்டாரின் முனையை மூடும் எண்ட் கவர். வார்ப்பிரும்பில் வார்த்து, லேத்தில் கடைந்து முடிப்பது. 110 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு வட்டத் தட்டு; அதுதான் ஃபிளேன்ஜ். அதன் வெளிப்பக்கம் 70 மி.மீ. விட்டத்தில் கழுத்துபோல் நீளும் பாஸ். மொத்த நீளம் 30 மி.மீ. உள்ளே 6205 பேரிங் உட்கார 52 மி.மீ. போர், அதைத் தாண்டி ஷாஃப்ட் வெளியே வர 30 மி.மீ. துளை. மோட்டார் உடலோடு சேர்த்து முடுக்க, ஃபிளேன்ஜைச் சுற்றி நான்கு போல்ட் துளைகள். கூடவே இரண்டு சின்ன விஷயங்கள் உண்டு. பாஸின் உச்சியில் கிரீஸ் விட ஒரு M6 மரைத் துளை. ஃபிளேன்ஜின் ஒரு பக்கத்தில், மோட்டார் உடலில் நிற்கும் பின் நுழைய ஒரு 6 மி.மீ. துளை.

எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம்?

தாளில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் இருப்பது கவரை மேலிருந்து கீழாக நடுவில் பிளந்து காட்டும் வெட்டுத்தோற்றம். அதில் பாஸ் இடப்புறமும் ஃபிளேன்ஜ் வலப்புறமும் இருக்கின்றன. வெட்டுப்பட்ட இரும்பைச் சாய்கோடுகளால் நிரப்பியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள் தடித்த கோடு. மறைந்திருக்கும் விளிம்புகள் விட்டுவிட்டு வரும் கோடு. நடு அச்சு, நீளமும் குட்டையும் மாறிமாறி வரும் மெல்லிய கோடு. வலப்பக்கம் இருப்பது வட்டப் படம். கவரை முனையிலிருந்து பார்த்தால் தெரியும் தோற்றம் அது. அதில் கிரீஸ் துளை உச்சியில் இருக்கிறது, பின் துளை வலக்கைப் பக்கம் இருக்கிறது.

இந்த வட்டப் படம் எந்த முனையிலிருந்து பார்த்தது? பாஸ் பக்கமிருந்தா, ஃபிளேன்ஜ் பக்கமிருந்தா? தாளின் கீழ்மூலையில் உள்ள பெயர்க்கட்டத்தில் இதற்கான பதில் ஒரு சின்னமாக இருக்கும். நுனி வெட்டிய கூம்பின் பக்கத்தோற்றமும், அதன் அருகே ஒரே மையத்தில் இரண்டு வட்டங்களும் சேர்ந்த சின்னம் அது. வட்டங்கள் கூம்பின் அகன்ற முனையை அடுத்து இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். குறுகிய முனையை அடுத்து இருந்தால் தேர்ட் ஆங்கிள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தாள் எங்கே நிற்கிறது என்பதுதான். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் தாள் பொருளுக்குப் பின்னால் நிற்கிறது. இடப்பக்கம் நின்று பார்த்தால், தெரிவது பொருளைத் தாண்டி வலப்பக்கத்தில் பதிகிறது. தேர்ட் ஆங்கிளில் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித்தாள் நிற்கிறது. இடப்பக்கமிருந்து பார்த்தது இடப்பக்கத்திலேயே பதிகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் முதல் முறை; அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டாவது. நம் பாலிடெக்னிக் மாணவர்கள் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் படித்துவிட்டு வருகிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் பட்டறையில் தேர்ட் ஆங்கிள் தாளும் வந்து விழுகிறது.

நம் தாளில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் சின்னம் இருக்கிறது. எனவே வலப்பக்கம் உள்ள வட்டப் படம், இடப்பக்கமிருந்து, அதாவது பாஸ் பக்கமிருந்து பார்த்தது. இதைத் தேர்ட் ஆங்கிள் என்று எண்ணிக்கொண்டவர், ஃபிளேன்ஜ் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கிரீஸ் துளையை மேலே வைத்து, வலக்கைப் பக்கத்தில் பின் துளையைப் போடுவார். கிடைப்பது சரியான கவரின் கண்ணாடி பிம்பம். எல்லா விட்டமும் சரி, எல்லா நீளமும் சரி, வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மோட்டாரில் மாட்டும்போதுதான் தெரியும். கிரீஸ் துளையை மேலே வைத்தால் பின் எதிர்ப்பக்கம் நிற்கிறது. பின்னுக்காகச் சுழற்றினால் கிரீஸ் துளை கீழே போய்விடுகிறது.

சின்னத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல், படத்தின் கோடுகளையே சாட்சிக்கு அழைக்கலாம். வட்டப் படத்தில் 70 மி.மீ. வட்டம் தடித்த கோட்டில் இருக்கிறது. பாஸ் பக்கமிருந்து பார்த்தால்தான் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியும்; ஃபிளேன்ஜ் பக்கமிருந்து பார்த்திருந்தால் அது மறைந்துபோய், 52 மி.மீ. போர்தான் தடித்த கோட்டில் வந்திருக்கும். சின்னமும் கோடும் ஒன்றையே சொல்கின்றன என்றால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் தட்டையான பாகத்தில் இந்தச் சாட்சி கிடைக்காது. அங்கே சின்னம் ஒன்றே துணை.

ஒரு பொருளைச் செங்குத்துத் தளங்களில் இறக்கி வரையும் இந்த முறையைக் கணிதமாக ஒழுங்குபடுத்தியவர் பிரான்சின் காஸ்பார் மான்ஜ். 18-ஆம் நூற்றாண்டில் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில், கோட்டை மதில்களைத் திட்டமிடும் கணக்கிலிருந்து அவர் இதற்கு வந்தார். சில காலம் அது ராணுவ ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது.

எங்கிருந்து அளக்கிறோம்?

படத்தின் விளிம்பிலிருந்து மெல்லிய நீட்டுக்கோடுகள் வெளியே வருகின்றன. அவற்றுக்கு நடுவே, இரு முனையிலும் அம்புக்குறியோடு அளவுக்கோடு ஓடுகிறது. அதன்மேல் எண். Ø இருந்தால் விட்டம், R இருந்தால் ஆரம், M இருந்தால் மரை. அலகு தனியாகச் சொல்லாதவரை மில்லிமீட்டர். தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. எண் மட்டுமே பேசும்.

நம் கவரில் நீளவாக்கில் மூன்று அளவுகள் எழுத இடமிருக்கிறது: ஃபிளேன்ஜ் 12, பாஸ் 18, மொத்தம் 30. தாளில் 12-ம் 30-ம் மட்டுமே நேராக இருக்கின்றன. 18 அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அடைப்புக்குள் இருப்பது தகவலுக்காக மட்டும். அதை வைத்து வெட்டவும் கூடாது, நிராகரிக்கவும் கூடாது.

காரணம் இதுதான். பெயர்க்கட்டத்தில் ISO 2768-m என்று ஒரு வரி இருக்கிறது. தனியாகப் பொறுதி சொல்லாத அளவுகளுக்கெல்லாம் நடுத்தர வகுப்பின் பொதுப் பொறுதி பொருந்தும் என்று பொருள். அதன்படி 6-க்கு மேல் 30 மி.மீ. வரையிலான நீளத்துக்கு ±0.2. ஃபிளேன்ஜ் முகத்தை அடிப்படையாக வைத்து 12-ஐயும் 30-ஐயும் அளந்தால், மொத்த நீளம் 29.8-க்கும் 30.2-க்கும் நடுவே நிற்கும். அதையே 12, பிறகு 18 என்று சங்கிலியாக அளந்தால், இரண்டு பிழைகளும் கூடி மொத்தம் 29.6 முதல் 30.4 வரை போகலாம். எண்கள் ஒன்றுதான், அளவு புறப்படும் இடம் மாறியதும் பிழை இரட்டிப்பாகிவிட்டது. எங்காவது பிழை சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், அது சேர்ந்தாலும் கெடுதல் இல்லாத இடமாகப் பாஸ் நீளத்தை வரைந்தவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அடைப்புக்குறி சொல்வது அதைத்தான்.

52 H7: மைக்ரான் கணக்கு

போருக்குப் பொதுப் பொறுதி போதாது. அங்கே Ø52 H7 என்று எழுதியிருக்கிறது. எழுத்து, பொறுதி எங்கிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது. எண், அது எவ்வளவு அகலம் என்பதைச் சொல்கிறது. பெரிய எழுத்து துளைக்கு, சிறிய எழுத்து ஷாஃப்ட்டுக்கு. H என்றால் துளை சரியாக 52-இல் தொடங்கி மேலேதான் போகலாம், கீழே இறங்கக் கூடாது. இந்த விட்டத்துக்கு 7-ஆம் தரத்தின் அகலம் 30 மைக்ரான் என்று அட்டவணை சொல்லும். எனவே போர் 52.000-க்கும் 52.030-க்கும் நடுவே நிற்க வேண்டும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதில் பாதிகூட இல்லாத இடம்.

இவ்வளவு நெருக்கம் எதற்கு என்பது பேரிங்கின் வெளி விட்டத்தைப் பார்த்தால் புரியும். சாதாரண வகுப்பு 6205 பேரிங்கின் வெளி விட்டம் 51.987 முதல் 52.000 வரை. ஆகவே போருக்கும் பேரிங்குக்கும் நடுவே இடைவெளி ஒன்றுமில்லாமல் இருக்கலாம், அல்லது அதிகபட்சம் 43 மைக்ரான் இருக்கலாம். வெளி வளையம் சுற்றாமல் நிற்பது; அதனால் இந்த மெல்லிய தளர்வு அதற்குப் போதும். உள் வளையமோ ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றுவது. அதனால் ஷாஃப்ட்டுக்கு 25 k6 என்று கேட்பார்கள்: 25.002 முதல் 25.015 வரை. பேரிங்கின் உள் விட்டம் 24.990 முதல் 25.000 வரை என்பதால், ஷாஃப்ட் எப்போதும் இறுக்கமாகத்தான் போகும்.

போர் 51.98-க்கு இறங்கிவிட்டால், பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது வெளி வளையம் நெரிந்து, குண்டுகளுக்கு உள்ளே இருக்க வேண்டிய சிறு இடைவெளி போய்விடும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பேரிங் சூடேறும். போர் 52.06-க்குப் போய்விட்டால் வெளி வளையமே கூட்டுக்குள் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் வளையத்தின் வெளிமுகம் பளபளவென்று தேய்ந்திருக்கும், சில நேரம் செம்பழுப்புத் துகள் படிந்திருக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. போரை அளக்க வேண்டும்.

அளக்கும் நேரமும் இங்கே முக்கியம். டிராயிங்கில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. கடைந்த சூட்டில் கவர் 40 டிகிரியில் இருக்க, அலமாரியில் கிடந்த போர் கேஜ் குளிர்ந்திருந்தால், 52 மி.மீ. வார்ப்பிரும்புப் போர் ஏறக்குறைய 11 மைக்ரான் பெரிதாகக் காட்டும். இருப்பதே 30 மைக்ரான். அதில் மூன்றில் ஒரு பங்கைச் சூடு தின்றுவிடுகிறது. ஜாபும் கேஜும் ஒரே மேஜையில் கொஞ்ச நேரம் சேர்ந்து ஆறட்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

கட்டத்துக்குள் இருக்கும் கட்டளை

இனி போல்ட் துளைகள். அவை 90 மி.மீ. விட்டமுள்ள ஒரு கற்பனை வட்டத்தின் மேல் இருக்கின்றன. பட்டறையில் இதைப் பிசிடி என்பார்கள். துளையின் அளவு Ø9, பொறுதி +0.2, கீழே 0. அதன் அடியில் தடுப்புகள் போட்ட ஒரு நீள்கட்டம்:

```
⌖ | Ø0.5 Ⓜ | A | B
```

இதை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். முதல் சின்னம் இடநிலையைக் குறிக்கிறது: துளையின் நடு எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சு இது. அடுத்து, அந்த நடு 0.5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும். கடைசியில் உள்ள A, B இரண்டும் அடிப்படைகள். டேட்டம் என்று சொல்வது இவற்றைத்தான். தாளில் ஃபிளேன்ஜின் உள்முகத்தில் ஒரு முக்கோணமும் A-யும் இருக்கின்றன. போரின் அளவுக்கோட்டில் ஒரு முக்கோணமும் B-யும் இருக்கின்றன. கவரை முதலில் ஃபிளேன்ஜ் முகத்தில் உட்காரவை, பிறகு போரின் நடுவைப் பிடி, அங்கிருந்து துளைகளை அள என்பதே கட்டளை.

0.5 எங்கிருந்து வந்தது? துளை குறைந்தது 9 மி.மீ., M8 போல்ட் அதிகபட்சம் 8 மி.மீ. நடுவே 1 மி.மீ. தளர்வு. அதைக் கவரின் துளைக்குப் பாதி, மோட்டார் உடலில் உள்ள மரைத் துளைக்குப் பாதி என்று பகிர்ந்திருக்கிறார்கள்.

பட்டறையில் அடிக்கடி நேரும் தவறு, துளைகளைப் போரிலிருந்து எடுக்காமல் ஃபிளேன்ஜின் வெளி விட்டத்திலிருந்து எடுப்பது. வெளியைப் பிடிப்பது சுலபம். ஆனால் வெளிவட்டத்துக்கும் போருக்கும் நடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று தாளில் எந்த நெருக்கமான பொறுதியும் இல்லை. போரை வேறு பிடிப்பில் கடைந்ததில் அது வெளிவட்டத்தின் நடுவிலிருந்து 0.3 மி.மீ. தள்ளிப்போயிருந்தால், நான்கு துளைகளும் ஒன்றாக 0.3 விலகும். விட்டக் கணக்கில் அது 0.6, துளைகள் ஒன்றுக்கொன்று கச்சிதமாக இருந்தாலும் அளவு போய்விட்டது. ஃபிளேன்ஜ் முகத்தையும் போரையும் ஒரே பிடிப்பில் கடைந்து முடித்து, பிறகு போரில் பொருந்தும் முளையுள்ள ஜிக்கில் கவரை உட்காரவைத்துத் துளை போட்டால் இந்தச் சிக்கல் வராது. A, B என்ற இரண்டு எழுத்துகளைப் படித்தாலே இந்த வேலை வரிசை கிடைத்துவிடுகிறது.

இப்போது ஒரு துளையை அளந்து தீர்ப்புச் சொல்வோம். துளையின் நடு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிடைவாக 0.22, நெட்டாக 0.05 விலகியிருக்கிறது. இடநிலைப் பிழையின் கணக்கு:

```
2 × √(0.22² + 0.05²) = 0.45
```

0.5-க்குள் வருகிறது, ஏற்கலாம். இதையே பழைய முறையில் கிடைக்கும் நெட்டுக்கும் தனித்தனியாகப் பிளஸ் மைனஸ் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? அந்த 0.5 வட்டத்துக்குள் அடங்கும் சதுரத்தைத்தான் கொடுக்க முடியும், அது ±0.177. 0.22 அதைத் தாண்டிவிட்டதால், நன்றாகப் பொருந்தக்கூடிய கவர் குப்பைக்குப் போயிருக்கும். வட்டத்தின் பரப்பு அந்தச் சதுரத்தைவிடச் சுமார் 57 சதவீதம் அதிகம். சதுரத்தை விட்டு வட்டத்தில் யோசிக்கும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதைப் பற்றி எழுதினார்.

இன்னொரு துளை: கிடைவாக 0.20, நெட்டாக 0.20. கணக்குப் போட்டால் 0.57. 0.5-ஐத் தாண்டிவிட்டது. உடனே நிராகரிக்கக் கூடாது, கட்டத்தில் வட்டத்துக்குள் ஒரு M இருக்கிறது. துளை மிகச் சிறியதாக, அதாவது 9.0-ஆக இருக்கும்போதுதான் 0.5 என்ற கண்டிப்பு. துளை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு சலுகை கூடும் என்பது அதன் பொருள். போல்ட்டுக்குக் கூடுதல் இடம் கிடைத்துவிடுவதால் இந்தச் சலுகை நியாயமானது. அந்தத் துளையை அளந்தால் 9.10 என்று வைத்துக்கொள்வோம். சலுகை 0.10, அனுமதி 0.60. ஆகவே 0.57 தேறிவிடுகிறது.

அதே துளை 9.00 ஆக இருந்திருந்தால் தேறாது. அப்போதும் கவரைக் கழிக்க வேண்டியதில்லை. நடு நகராமல் துளையை 9.10-க்குப் பெரிதாக்கினால், துளை தன் அளவுப் பொறுதியான 9.20-க்குள்ளேயே நிற்கும், இடநிலைக்கும் 0.10 கிடைத்துவிடும். ஆனால் கட்டத்தில் அந்த M இல்லாவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அனுமதி 0.5-தான். பேரிங் போர்போல நடுவின் இடமே முக்கியமான இடங்களில் வரைபவர்கள் அந்த M-ஐப் பொதுவாகப் போடுவதில்லை.

தாள் சொல்லாமல் விட்டால்

எல்லாத் தாள்களும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை. கூம்புச் சின்னம் இல்லாத தாள் வரும். நான்கு துளைகளுக்குப் பிசிடி கொடுத்துவிட்டு, எந்த நடுவிலிருந்து என்று சொல்லாத தாள் வரும். பொதுப் பொறுதி வரியே இல்லாமல் வரும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், “அண்ணே, இதுல அளவெல்லாம் இருக்கு, ஓட்டிரலாமா?” என்று கேட்பான். “அளவு இருக்குடா தம்பி, எங்கிருந்துன்னு இல்லையே. போன் போட்டுக் கேளு” என்பதுதான் மூத்தவரின் பதிலாக இருக்க வேண்டும்.

கேட்டுத் தெரிந்துகொண்டதை வாய்ப்பேச்சோடு விடாமல், தாளிலேயே எழுதித் தேதி போட்டு, வரைந்தவரின் ஒப்புதலையும் வாங்கிவிட வேண்டும். கூடவே பெயர்க்கட்டத்தில் திருத்த எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பின் துளையை இடம் மாற்றிய புதிய தாள் ஏற்கெனவே வந்திருக்கலாம். பிறகு முதல் கவரை மட்டும் கடைந்து, போர், போல்ட் துளைகள், பின் துளை மூன்றையும் A, B-யிலிருந்தே அளந்து, முடிந்தால் அந்த மோட்டார் உடலிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு, மீதிக் கவர்களைச் சக்கில் ஏற்றலாம்.